வெறும் ஹலோ

அத்தியாயம் 17

குழந்தையம்மாளைக் கோப்பெங் கிறிஸ்தவ மயானத்தில் அடக்கம் செய்து முப்பது நாளாகிவிட்டது. அவளுடைய கைப்பேசி மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது.

தினமும் காலையில் அவள் கணவர் செபாஸ்டியன் அதைச் சார்ஜில் போடுவார். துக்கச் செய்தி எட்டாத தூரத்து உறவுக்காரர்கள் இன்னும் அதற்குச் செவ்வந்திப்பூப் படமும் காலை வணக்கமும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் எதற்கும் பதில் போடுவதில்லை. வந்ததைப் பார்த்துவிட்டு, சாமிப் படத்துக்குக் கீழே அதே இடத்தில் வைத்துவிடுவார்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒன்பது வருடமாக அங்கே ஜானிஸ் என்ற பெயரை யாரும் எடுப்பதில்லை. மாதா கோயிலில் கல்யாணம் கட்டாமல், கோலா கங்சாரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசேகரத்தின் மகன் தனேஷைப் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அந்த இளைய மகள் அவருக்கு இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்திலேயே சிற்றாலயத்தில் செபம் நடத்தியவர் செபாஸ்டியன். ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டிலும் செய்து காட்ட வேண்டும் என்று நின்றார். நின்றவர் நின்றதுதான்.

குழந்தையம்மாள் பக்கவாதம் வந்து ஒரே நாளில் போனபோதும், "அவளுக்குச் சொல்ல வேணாம்" என்றார். யாரும் சொல்லவில்லை.

இன்று முப்பதாம் நாள் செபம். சாயங்காலம் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள்.

அரை நாள் வேலை இருந்ததால் மூத்தவள் ஜோவான் காலையில் ஈப்போவில்தான் இருந்தாள். சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் முன்மேசை அவளுடையது. வந்தவர்களைப் பதிந்து உட்காரவைப்பதும், நிலையத்தின் வாட்ஸ்அப்புக்கு வரும் செய்திகளுக்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு.

கணினியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. தெரியாத எண்.

'ஹலோ.'

அவ்வளவுதான்.

இரத்த அழுத்தக் கருவியை எடுக்க வந்த மூத்த தாதி தினேஸ்வரி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு ஹலோவா? வாயில என்ன கொழுக்கட்டையா இவங்களுக்கெல்லாம்? கேக்க வந்தத கேட்டுட்டுப் போக வேண்டியதுதானே."

"கேக்கத் தெரிஞ்சா கேட்டிருப்பாங்கக்கா."

"அந்த ரெடிமேட் பதில் இருக்குல்ல, அத தட்டி விடுலா. பேரு, ஐசி கார்டு நம்பரு, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டரு, ரிப்போர்ட்டு, சொக்சோ காப்புறுதி இருக்கா. ஒரே அடியில முடிஞ்சிரும்."

"நேத்து நீங்க அததான் தட்டி விட்டீங்க. அந்த ஆளு அதுக்கப்புறம் வரவே இல்லயே."

தினேஸ்வரி உதட்டைச் சுழித்தாள். "சும்மா தட்டிப் பாத்த ஆளா இருக்கும்."

இருக்கலாம். அதுதான் ஜோவானுக்கும் பிரச்சினை. வெறும் ஹலோவை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பதிலுக்கு ஒரு ஹலோ வராமல் விஷயத்தைத் தொடங்குவது மரியாதையில்லை என்று நினைக்கும் பெரியவராக இருக்கலாம். இந்தப் பக்கம் இருப்பது மனுசனா மிஷினா என்று தட்டிப் பார்ப்பவராக இருக்கலாம். குழந்தையின் விரல் பட்டிருக்கலாம். ஏமாற்றுக்காரனாகக் கூட இருக்கலாம். இல்லையென்றால், காலையில்தான் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து, அடுத்த வார்த்தை வராமல் அந்த ஒன்றை மட்டும் அனுப்பியவராக இருக்கலாம்.

யாராக இருந்தாலும் பொருந்துகிற மாதிரி ஒரு பதில் வேண்டும். ஜோவான் தட்டினாள்.

'ஹலோ, வணக்கம். நான் ஜோவான், டயாலிசிஸ் சென்டர்ல இருந்து. உங்களுக்குக் கேக்கணுமா, வீட்டுல வேற யாருக்காச்சுமா? எழுதக் கஷ்டமா இருந்தா வாய்ஸ் போடுங்க. அவசரம் இல்ல.'

"இத்தன கரிசனமா எழுதினா நாலு பேருக்குத்தான் பதில் போட முடியும் ஒனக்கு" என்று சொல்லிவிட்டு தினேஸ்வரி போய்விட்டாள்.

சிறிது நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. நடுவயது ஆணின் குரல். "எனக்கு இல்லம்மா. எங்க அக்காவுக்கு. என்ன கேக்கணும்னே தெரியல, அதான்."

ஜோவான் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய சொந்தக் கைப்பேசி அதிர்ந்தது. தம்பி நைஜல். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். செபத்துக்காக முந்தின நாளே வந்து அப்பாவோடு தங்கியிருந்தான்.

"அக்கா, அம்மா போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு."

"பூப் படமா?"

"இல்ல. தெரியாத நம்பரு. 'ஹலோ'ன்னு மட்டும் போட்டிருக்கு. அப்பா கையில வச்சிகிட்டு உக்காந்திருக்காரு. கீழ வைக்க மாட்டேங்குறாரு."

"எதுக்கு?"

நைஜல் குரலைத் தாழ்த்தினான். "அது அவதாங்குறாரு."

அவள் என்றால் யார் என்று ஜோவான் கேட்கவில்லை. அந்த வீட்டில் பெயரில்லாத அவள் ஒருத்திதான்.

"எதையும் தட்டாதீங்க. ரெண்டு பேரும் கைய வச்சிகிட்டு சும்மா இருங்க. நான் வாரேன்."

---

கோப்பெங்குக்கு அரை மணி நேரம். அதற்குள் காரியம் கெட்டிருந்தது.

தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே செபாஸ்டியன் சாய்வு நாற்காலியில் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை மடியில் வைத்தால் எங்கே விழுந்துவிடுமோ என்பது போல.

"அப்பா கூப்ட்டுட்டாருக்கா" என்றான் நைஜல். "நான் ஆத்தங்கரைப் பக்கம் கடைக்கிப் போயிருந்தேன். ரெண்டு தடவ அடிச்சிருக்காரு. அதுவும் வீடியோ கால்."

ஜோவான் அப்பா பக்கம் திரும்பினாள். "எடுத்தாளா?"

"கட் பண்ணிட்டா" என்றார் செபாஸ்டியன். "ரெண்டாவது தடவ அடிச்சவொடன கட் பண்ணிட்டா. அப்பறம் மேல லைன்ல இருக்குன்னு காட்டுமே, அதுவும் போயிருச்சு."

"ஏம்ப்பா கூப்ட்டீங்க?"

"கதவ தட்டுறவங்கள உள்ள வான்னு சொல்ல வேணாமா?"

ஜோவான் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கத்தத் தோன்றியது. கத்தவில்லை.

"அது கதவ தட்டல அப்பா. கேட்டுக்கு வெளிய நின்னு எட்டிப் பாத்திருக்கு. வீட்டுல ஆள் இருக்கான்னு. நீங்க ஓடிப் போயி கையப் பிடிச்சு இழுத்தீங்கன்னா? அதுவும் வீடியோல. எடுத்தா மொத ஒங்க மூஞ்சிதான் தெரியும்."

கடைசி வார்த்தை கொஞ்சம் கூடத்தான் பட்டிருக்க வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்ல அது ஜானிஸ்தான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றான் நைஜல். பெயர் அந்தக் கூடத்தில் சத்தமாக விழுந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு. யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவனே ஒரு கணம் திகைத்துவிட்டுத் தொடர்ந்தான். "எங்க பேக்டரியில ஒருத்தன் இப்படித்தான். ஹலோன்னு வந்துச்சு, பேசினான், கடைசியில பேங்க் காலி. பேசாம பிளாக் பண்ணிருவோம்."

"காட்டுங்க" என்றாள் ஜோவான்.

படம் இல்லாத எண். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜே' என்ற ஒரே எழுத்து. இன்றைக்கு வந்த ஹலோ. அதன் கீழே எடுக்கப்படாத இரண்டு அழைப்புகள்.

விரல் தானாக மேலே தள்ளியது. மேலே இன்னொன்று இருந்தது.

ஈஸ்டர் சமயம். அதே எண்ணிலிருந்து அதே 'ஹலோ'. அதற்கு அம்மா பதில் அனுப்பியிருந்தாள். பனித்துளி உட்கார்ந்த ஒரு சிவப்பு ரோஜாப் படம். இனிய நாள் வாழ்த்து. அதன் பிறகு இரு பக்கமும் ஒன்றும் இல்லை.

மூன்று பேரும் அந்த ரோஜாவைப் பார்த்தார்கள்.

"அம்மா எல்லாருக்கும் அத அனுப்புவாங்கக்கா" என்றான் நைஜல். "காஸ்காரனுக்குக் கூட அனுப்பியிருக்காங்க."

"தெரியும்."

"அப்ப அம்மாவுக்கு யாருன்னு தெரியாமத்தான் அனுப்பியிருப்பாங்க."

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித் தட்ட வராது. பேச வேண்டியதையெல்லாம் படமாகத்தான் அனுப்புவாள். தெரிந்து அனுப்பினாளோ, தெரியாமல் அனுப்பினாளோ, அதைக் கேட்கக்கூடியவள் இப்போது இல்லை.

நைஜல் கையை நீட்டினான். "குடு, 'யாரு இது'ன்னு ஒரு வரி கேட்டுருவோம். தெரிஞ்சிரும்."

"வேணாம்."

"அதுல என்ன இருக்கு?"

"யாருன்னு கேட்டா, அவ பேரச் சொல்லி உள்ள வரலாமான்னு கேக்கணும். இந்த வீட்டுல அந்தப் பேருக்கு என்ன மதிப்புன்னு அவளுக்குத் தெரியும்ல. பேரச் சொல்லி, நாம கட் பண்ணிட்டோம்னா? அந்த பயத்துலதான் வெறும் ஹலோ. பதில் வந்தா பேசலாம். வரலன்னா ஒண்ணும் நடக்காத மாதிரி போயிரலாம்."

"சரி, ஏமாத்துக்காரனா இருந்தா?"

"இருந்தா என்ன போச்சு? நம்ம பேரு ஒண்ணுதான் அவனுக்குத் தெரியும். ஐசி குடுக்கலை, பேங்க் குடுக்கலை. அடுத்து காசப் பத்திப் பேசினான்னா அப்ப பிளாக் பண்ணுவோம். ஒரு ஹலோவுக்கு நல்லவிதமா பதில் சொல்றதுல நட்டம் எதுவும் இல்ல."

செபாஸ்டியன் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"ஜோவான். உங்கம்மா மாதிரியே எழுதேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"'வா கண்ணு, சாப்ட்டியா'ன்னு எழுது. அவ எப்பவும் அப்படித்தானே ஆரம்பிப்பா. அதப் பாத்தா அவ வந்திருவா. அவ அப்பாவ நம்ப மாட்டா. அம்மான்னா வருவா."

ஜோவானுக்கு இப்போது புரிந்தது. தன் குரலுக்கு அந்த மகளிடம் மதிப்பில்லை என்று தெரிந்து, மண்ணுக்குள் போனவளின் குரலைக் கடன் கேட்கிறார்.

"முடியாதுப்பா."

"ஒரே ஒரு தடவ."

"அம்மாகிட்ட பேசுறேன்னு நெனச்சிகிட்டு என்கிட்ட எல்லாத்தையும் கொட்டுவா. அப்பறம் நான் எப்படி அதுக்குள்ள இருந்து வெளிய வருவேன்? அம்மா இல்லங்குறதும் தெரிஞ்சு, அம்மான்னு பேசினது நாமதான்னும் தெரிஞ்சா, அவ நம்மள மன்னிப்பாளா?"

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ஜோவான் எழுதத் தொடங்கினாள். முதலில் வந்தது வேறு. 'ஜானிஸ், நீதானா, எங்கடி இருந்த இத்தன நாளா, எப்படி இருக்க, பிள்ளைங்க இருக்கா, ஏண்டி ஒரு போன் கூட' என்று விரல் ஓடிக்கொண்டே போனது. படித்துப் பார்த்தாள். ஐந்து கேள்வி. ஒரு ஹலோ சொன்னவளுக்கு ஐந்து கேள்வி. எல்லாவற்றையும் அழித்தாள்.

பிறகு மெதுவாக எழுதினாள்.

'ஹலோ. நான் ஜோவான். அம்மா போன்ல இருந்து எழுதுறேன். முன்ன கூப்ட்டது அப்பா, கோவத்துல இல்ல, அவசரத்துல அமுக்கிட்டாங்க. நீங்க ஹலோ போட்டது சந்தோசமா இருக்கு. பேசணும்னு தோணினா நான் இங்கதான் இருக்கேன். ரெண்டு வார்த்த போட்டாலும் போதும். இப்ப முடியலன்னா அப்பறம் போடுங்க.'

நைஜல் படித்தான். "அம்மா செத்தத சொல்லலையே."

"யாருன்னு உறுதியாத் தெரியாம, ஹலோன்னவங்களுக்கு சாவுச் சேதியா சொல்றது? பொய் எதுவும் எழுதல பாரு. எழுதுறது நான்னு மொத வரியிலேயே சொல்லிட்டேன்."

அனுப்பினாள்.

இரண்டு சாம்பல் டிக். பிறகு எதுவும் இல்லை.

---

காத்திருப்பது என்று வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் வராது. நைஜல் நாற்காலிகளை விரித்தான், மடக்கினான், மறுபடி விரித்தான். பக்கத்து வீட்டிலிருந்து பெரிய தேநீர்க் கொதிகலனைத் தூக்கி வந்தான். வருகிற போகிற போதெல்லாம் கைப்பேசியை எட்டிப் பார்த்தான்.

டிக் இரண்டும் நீலமாயின.

'தட்டுகிறார்' என்று வந்தது. போனது. வந்தது. போனது.

"ஒரு கேள்விக்குறி போட்டு விடலாமாக்கா? சும்மா ஞாபகப்படுத்த."

"போட்டா வெரட்டுற மாதிரி இருக்கும். விடு. அவ எழுதி எழுதி அழிக்கிறா. நான் அழிச்ச மாதிரியே."

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செபாஸ்டியன் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு பருக்கையும் எடுக்கவில்லை.

கடைசியில் வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்.

'அக்கா.'

பின்னாலேயே: 'ஜானிஸ்.'

ஜோவான் வாயைப் பொத்திக்கொண்டாள். நைஜல் சுவரில் சாய்ந்தான். அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தடுத்து வந்தன, தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுத்த மாதிரி.

'என்ன எழுதறதுன்னு தெரியலக்கா. சும்மா ஹலோ சொல்லலாம்னுதான்.'

'ஈஸ்டருக்கும் போட்டேன். அம்மா ரோஸ் படம் அனுப்புனாங்க. என்னைத் தெரிஞ்சுதான் அனுப்புனாங்கன்னு நெனச்சேன். அதுவே பெரிசா இருந்துச்சு. அதுக்கு மேல பேசி அப்பாகிட்ட அம்மாவுக்குப் பேச்சு வாங்கிக் குடுக்க வேணாம்னு விட்டுட்டேன்.'

'இன்னிக்கு என்னமோ மனசே சரியில்ல.'

'அம்மா பக்கத்துல இருக்காங்களா? சமையல்ல இருக்காங்களா?'

ஜோவான் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுத்துகள் கலங்கின.

இருக்காங்க என்று எழுத முடியாது. இல்லை என்று எழுதவும் கை வரவில்லை. ஒரு மனுஷிக்குத் தாய் இல்லாமல் போனதை நாலு எழுத்தில் அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் டிக் நீலமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதா?

அவள் எழுதினாள். 'ஜானிஸ், ஒன் கொரல் கேக்கணும் போல இருக்கு. நான் கூப்பிடட்டா? நான் மட்டும்தான் பேசுவேன். கார் ஓட்டிகிட்டு இருக்கியா, வீட்டுல இருக்கியா? பக்கத்துல தனேஷ் இருக்காரா?'

பதிலாகக் கைப்பேசியே அடித்தது.

ஜோவான் அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு என்ன?"

குரல் மாறவே இல்லை. கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

"ஒக்காந்துக்க ஜானிஸ்."

"ஒக்காந்துதான் இருக்கேன். தனேஷ் இருக்காரு. சொல்லுக்கா."

"அம்மா எறந்துட்டாங்க. ஸ்ட்ரோக். ஒரு நாள்தான். வலி தெரியாமப் போயிட்டாங்க."

பின்னணியில் ஒரு மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

"எப்ப?"

"இன்னிக்கு முப்பதாம் நாள்."

"முப்பது…" ஜானிஸ் அதை முடிக்கவில்லை. பிறகு கேட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. "என்னைய யாரும் தேடலையாக்கா?"

ஜோவான் கண்ணை மூடிக்கொண்டாள். நம்பர் இல்லை என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் கோலா கங்சாரில் ஞானசேகரம் சார் வீடு எது என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் கையைக் காட்டுவார்.

"தேடலம்மா. அப்பா வேணாம்னாரு. நானும் சரின்னு இருந்துட்டேன்."

இந்த முறை அழுகை கேட்டது. யாரோ வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி. நெடுநேரம். தனேஷின் குரல் ஏதோ மெல்லச் சொன்னது. ஜோவான் இயந்திரத்தைப் பற்றிக்கொண்டு நின்றாள். அவளும் அழுதாள். முப்பது நாளாக வராத அழுகை அது.

"நான் செபத்துக்கு வரமாட்டேன்" என்றாள் ஜானிஸ், அடங்கிய பிறகு. "எல்லாரும் என் மூஞ்சிய பாப்பாங்க. அப்பா இருப்பாரு. என்னால அவரப் பாக்க முடியாதுக்கா, இன்னிக்கு முடியாது. அம்மா எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லு. நான் போயி பாத்துட்டு வந்திர்றேன்."

"கேட்டுல நொழஞ்சு எடது கைப் பக்கம். கடைசிக்கு முந்தின வரிசை. இன்னும் கல்லு வைக்கல. மரச் சிலுவைதான், அதுல பேரு எழுதியிருக்கு. மண்ணு சிவப்பா இருக்கும், தெரியும்."

"எப்ப போனா யாரும் இருக்க மாட்டாங்க?"

"செபம் அஞ்சு மணிக்கி. நாலரைக்கு நீ போனா எல்லாரும் இங்க இருப்போம். அப்பாவும் இங்கதான். நான் பொறுப்பு."

"சத்தியமா?"

"சத்தியமா."

---

ஜோவான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது செபாஸ்டியன் சமையலறை வாசல்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அழுதாளா?"

"அழுதா."

"வாராளா?"

"இங்க வரல. அம்மாவப் பாக்கப் போறா."

அவர் கதவு நிலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "எத்தன மணிக்காம்?"

"நாலரைக்கு" என்றாள் ஜோவான், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. களைப்பில் சொன்னாள். சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு அறைக்குள் போனார்.

அதன் பிறகு வீடு நிறைந்துவிட்டது. செபமாலைக் குழுவின் பெண்கள், பழைய தோட்டத்து ஆட்கள், தட்டில் பலகாரத்தோடு பக்கத்து வீட்டுச் சன்னாசி குடும்பம். ஜோவான் தேநீர் ஊற்றினாள், உட்காரச் சொன்னாள், கேட்டவர்களுக்கெல்லாம் அம்மாவின் கடைசி நாளை மறுபடி மறுபடி சொன்னாள். அப்பா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தாள். செபத்துக்குத்தானே என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"அப்பா எங்கக்கா?" என்று நைஜல் வந்து கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"ரூம்ல இல்லையா?"

"ரூம்ல இல்ல. பின்னால இல்ல. மோட்டார் சைக்கிளும் இல்ல."

அவருடைய கைப்பேசி மேசையில் கிடந்தது. கூப்பிட வழியில்லை.

ஜோவானின் கையிலிருந்த குவளை சூடாக இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நாலரைக்கு என்று சொன்ன தன் வாய் நினைவுக்கு வந்தது. சத்தியமா என்று கேட்ட குரலும்.

"நீ செபத்த ஆரம்பிக்கச் சொல்லு. நான் போறேன்."

"அக்கா, இப்பவா? ஆளுங்கள்லாம் வந்து…"

"ஆரம்பிக்கச் சொல்லுடா."

காருக்குள் உட்கார்ந்து அம்மாவின் கைப்பேசியிலிருந்து முதலில் ஜானிஸைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருப்பாள். சாவியைத் திருப்புவதற்கு முன் தட்டினாள்.

'ஜானிஸ், அப்பா அங்க போயிட்டாரு. நான் அனுப்பல. நேரத்த வாய் தவறி நான்தான் சொல்லிட்டேன், தப்பு என்னுது. ஒனக்கு எறங்க வேணாம்னா கார்லயே இரு. நான் வந்துகிட்டே இருக்கேன்.'

ஒற்றை டிக்.

மயானம் தூரமில்லை. ஆனாலும் அந்தச் சாலை அவளுக்கு முடியவே இல்லை. வழியெல்லாம் ஒரே காட்சி கண்முன் வந்தது. அப்பா ஓடிப் போய்க் கார்க் கதவைப் பிடித்து இழுக்கிறார். கையைப் பிடிக்கிறார். காலையில் இரண்டு தடவை அழைப்பை அமுக்கினாரே, அதே மாதிரி.

வளைவில் திரும்பியதும் பிரேக்கை மிதித்தாள்.

இரும்புக் கேட்டுக்கு வெளியே வெள்ளைக் கார் ஒன்று நின்றிருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவன். பக்கத்தில் ஒரு பெண். கண்ணாடியில் வெயிலின் வெளிச்சம் படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. தலை மட்டும் தெரிந்தது, முன்னால் குனிந்தபடி.

உள்ளே, இடது கைப் பக்கம், கடைசிக்கு முந்தின வரிசையில் செபாஸ்டியன் நின்றிருந்தார்.

அவர் கார் பக்கம் வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. வண்டிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காமல் இருக்காது. கேட்டிற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரச் சிலுவையிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, அந்த இடத்தை யாருக்கோ விட்டு வைத்தவர் போல, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஜோவானின் மடியில் கைப்பேசி மினுங்கியது. அவள் அனுப்பிய செய்தியின் டிக்குகள் நீலமாகியிருந்தன.

பதில் வரவில்லை. அவளும் இன்னொரு வார்த்தை போடவில்லை. காரை விட்டு இறங்கி, அதே இடத்தில் நின்றாள்.

வெள்ளைக் கார் கிளம்பவில்லை. அதன் கதவும் திறக்கவில்லை.